புகாரைப் பிரித்துப் படித்தல்: இளம் காணொளிக் கலைஞருக்கு ஒரு கடிதம்

காணொளித் துறையில் அடியெடுத்து வைத்திருக்கும் இளம் கலைஞருக்கு,

ஒரு காணொளி வெளியான சில நாள்களுக்குள் சமயத் தலைவர் ஒருவரிடமிருந்தோ மத அமைப்பு ஒன்றிடமிருந்தோ கண்டனம் வரும்போது, அதை உருவாக்கியவரைச் சுற்றியிருப்பவர்கள் அனைவரும் நிதானமாக இருக்கும்படி சொல்வார்களே தவிர, அந்த நிதானத்தை எங்கிருந்து பெறுவது என்று சொல்வதில்லை. பிறவிக் குணமாக அது வாய்த்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு அது ஒரு வேலையைச் செய்து முடிப்பதால் கிடைப்பது, அந்த வேலை புகாரைப் பிரித்துப் படிப்பது. சொல்பவர் யார், எந்த அதிகாரத்தின் பேரில் சொல்கிறார். காணொளியில் எதைச் சுட்டுகிறார், பாடல் வரியையா, உடல் அசைவையா, படம்பிடித்த இடத்தையா. இறுதியில் என்ன கேட்கிறார், விளக்கத்தையா, திருத்தத்தையா, நீக்கத்தையா, தண்டனையையா என்னும் மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியாக விடை எழுதிப் பார்க்கும் கலைஞருக்கு, பேரலையாகத் தெரிந்த எதிர்ப்பு கையாளக்கூடிய சில தனிச் சிக்கல்களாகப் பிரிந்து நிற்கும். இந்தக் கடிதம் அண்மைக் காலத்து நிகழ்வுகள் சிலவற்றைக் கொண்டு அந்த மூன்று கேள்விகளையும் விளக்க முயல்கிறது.

முதல் நிகழ்வு கேரளத்தைச் சேர்ந்தது. ஓமர் லுலு இயக்கிய 'ஒரு அடார் லவ்' என்னும் மலையாளப் படத்திலிருந்து 'மாணிக்ய மலராய பூவி' என்ற பாடலின் காணொளி 2018 பிப்ரவரி 9 அன்று வெளியிடப்பட்டது. பள்ளி விழா ஒன்றில் மேடையில் பாடல் ஒலிக்க, கூட்டத்தில் அமர்ந்திருக்கும் மாணவியும் மாணவனும் மாறி மாறிப் புருவத்தை உயர்த்துவதும், முடிவில் மாணவியாக நடித்த பிரியா பிரகாஷ் வாரியர் ஒரு கண்ணைச் சிமிட்டுவதுமான சில நொடிக் காட்சி ஓரிரு நாள்களில் நாடெங்கும் பரவியது. வெளியான ஐந்தாறு நாள்களுக்குள் ஹைதராபாதின் ஃபலக்நுமா காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. மகாராஷ்டிரத்திலும் புகார்கள் கிளம்பின. அந்தப் பாடல் நபிகள் நாயகத்தையும் அவருடைய துணைவியார் கதீஜாவையும் பற்றியது என்பதும், அத்தகைய பாடலைப் பள்ளிப் பருவக் காதல் காட்சியோடு சேர்த்தது நம்பிக்கையாளர்களின் மனத்தைப் புண்படுத்துகிறது என்பதும் புகாரின் சாரம்.

இந்தப் புகாரைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் இரண்டு வேறு வாதங்கள் இருப்பது தெரியும். பாடலின் சொற்களே அவமதிப்பு என்பது ஒன்று. சொற்களில் குற்றமில்லை, அவற்றோடு இணைக்கப்பட்ட கண் சிமிட்டலே தவறு என்பது மற்றொன்று. முதல் வாதத்துக்கு விடை பாடலின் வரலாற்றிலேயே இருந்தது. அது படத்துக்காக எழுதப்பட்டதன்று. மலபார் முஸ்லிம்களிடையே வழங்கும் மாப்பிளப் பாட்டு மரபில் பி. எம். ஏ. ஜப்பார் 1978-இல் எழுதி, தலச்சேரி ரஃபீக் பாடி, திருமண வீடுகளிலும் விழாக்களிலும் நாற்பது ஆண்டுகளாக அந்தச் சமூகத்தாரே விரும்பிப் பாடிவந்த பாடல் அது. எந்தச் சமூகம் தன் மகிழ்ச்சிப் பொழுதுகளில் ஒரு பாடலைப் பாடிவந்ததோ அந்தச் சமூகத்தை அதே பாடல் அவமதிக்கிறது என்று சொல்வது கடினம் என்பதால், முதல் வாதம் அங்கேயே வலுவிழந்தது. இரண்டாவது வாதத்துக்கு வரலாறு விடை தராது. காட்சியின் நோக்கம் என்ன, அது யாரைக் குறிக்கிறது, மேடைப் பாடலுக்கும் பார்வையாளர் வரிசையில் நடப்பதற்கும் கதையில் என்ன தொடர்பு என்று விளக்குவதே அதற்கு விடை. இரண்டையும் ஒரே மூச்சில் மறுக்கப் போகும் கலைஞர், வலுவான விடையைக் கொண்டு வலுக்குறைந்த விடையைத் தாங்கிப் பிடிக்க முயன்று, முடிவில் இரண்டையுமே நம்பத்தகாதவையாக ஆக்கிவிடுவார்.

அந்த நிகழ்வில் கற்க வேண்டிய மற்றொன்று, படக்குழுவினரின் முதல் அறிவிப்பு. எதிர்ப்பு கிளம்பியதும் பாடலைத் திரும்பப் பெறப்போவதாகத் தெரிவித்த அவர்கள், ஆதரவுக் குரல்கள் எழுந்ததும் வெகு விரைவிலேயே அந்த முடிவை மாற்றிக்கொண்டார்கள். அச்சத்தில் எடுத்த முடிவு என்று அவர்களைக் குறைகூற இடமில்லை. அத்தகைய அழுத்தத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்வார்கள். ஆயினும் அதன் விளைவைக் கவனிக்க வேண்டும். நீக்குவதாகச் சொல்லும்போது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எதிர்ப்பாளர் எண்ணுவார். நீக்கமாட்டோம் என்று மாற்றிச் சொல்லும்போது அவரே தாம் ஏமாற்றப்பட்டதாகவும் எண்ணுவார். ஆதரவாளரோ, கூச்சல் எந்தப் பக்கம் பெருகுகிறதோ அந்தப் பக்கம் முடிவு சாயும் என்று கற்றுக்கொள்வார். எனவே முதல் நாளில் அறிவிக்கத் தக்கது முடிவு அன்று, பரிசீலனை மட்டுமே. புகார் கிடைத்தது, அது முழுமையாகப் படிக்கப்படுகிறது, இன்ன நாளுக்குள் எழுத்து வடிவில் பதில் தரப்படும் என்ற மூன்று செய்திகளுக்கு மேல் முதல் அறிவிப்பில் எதுவும் இடம்பெற வேண்டியதில்லை; அதையும் குழுவின் சார்பில் ஒருவர் மட்டுமே வெளியிட வேண்டும். நடித்தவர், பாடியவர், படத்தொகுப்பாளர் ஆகியோர் தத்தம் பக்கங்களில் ஆளுக்கொரு விளக்கம் எழுதினால், அவற்றுக்கிடையே உள்ள சிறு வேறுபாடுகளே அடுத்த நாளின் செய்தியாகிவிடும்.

அந்த இடைவெளியில் காணொளியை என்ன செய்வது என்பது தொழில்நுட்பக் கேள்வியும் ஆகும். யூடியூபில் ஒரு காணொளியை அழித்துவிட்டால் அதன் முகவரி, பார்வை எண்ணிக்கை, அதன்கீழ் எழுதப்பட்ட கருத்துகள் அனைத்தும் மீட்க முடியாதபடி போய்விடும். திருத்திய வடிவத்தை அதே முகவரியில் ஏற்றவும் முடியாது. பார்வைநிலையை `Private` என்று மாற்றினால் பொதுமக்களுக்கு அது தெரியாதே தவிர, எல்லாம் அப்படியே இருக்கும், முடிவெடுத்த பின் மீண்டும் திறக்கலாம். சிக்கல் ஒரு சில நொடிக் காட்சியைப் பற்றியது மட்டும் என்றால், `YouTube Studio` தளத்தின் தொகுப்பான் வழியாக அந்தப் பகுதியை வெட்டவோ மங்கலாக்கவோ இயலும், முகவரி மாறாது. ஆனால் ஒரு லட்சம் பார்வைகளைக் கடந்த காணொளிகளில், தளத்தின் வருவாய்ப் பங்குத் திட்டத்தில் சேராத கலைஞருக்கு, முகங்களை மங்கலாக்குவதைத் தவிர மற்ற மாற்றங்களைச் சேமிக்க அனுமதி கிடைக்காமல் போகலாம். பரவிவிட்ட காணொளிக்குத்தான் புகார் வரும் என்பதால், இந்த வரம்பைப் புகார் வந்த பிறகு கண்டுபிடிப்பதைவிட முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது. மேலும், அழித்தல் என்பது சான்றை அழித்தலாகவும் பார்க்கப்படும். வெட்டப்படாத மூலப் படச்சுருள்கள், தொகுப்புக் கோப்பு, தேதியிட்ட திரைக்கதை வரைவுகள், அனுமதிக் கடிதங்கள், பாடலின் மூலமும் மொழிபெயர்ப்பும், புகாரின் முழு வாசகம் ஆகியவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதுதான் முதல் நாளில் செய்ய வேண்டிய உருப்படியான வேலை.

இவ்வளவு சான்றுகளும் எதற்கு என்பது சட்டத்தைப் பார்த்தால் விளங்கும். மத உணர்வைப் புண்படுத்துதல் பற்றிய பிரிவு, முன்னர் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295அ என்ற எண்ணில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவாக நடைமுறையில் இருக்கிறது. மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கும் இந்தப் பிரிவின் இதயம், வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு என்னும் இரண்டு நிபந்தனைகளில் இருக்கிறது. யாரோ ஒருவர் மனம் புண்பட்டது என்பது மட்டுமே குற்றமாகாது. புண்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யப்பட்ட அவமதிப்பே குற்றமாகும் என்று ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1957-இலேயே விளக்கிவிட்டது. கண் சிமிட்டல் வழக்கிலும் இதுவே நடந்தது. நடிகையும் இயக்குநரும் வசிப்பது கேரளத்தில், வழக்குப் பதிவானது தெலங்கானாவில், மேலும் புகார்கள் எழுந்தது மகாராஷ்டிரத்தில் என்றிருந்ததால், அவர்கள் நேரடியாக உச்ச நீதிமன்றத்தை அணுகினார்கள். 2018 பிப்ரவரி 21 அன்று நடவடிக்கைகளுக்குத் தடை கிடைத்தது, ஆகஸ்ட் 31 அன்று அன்றைய தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான அமர்வு முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தது. கண் சிமிட்டிய காட்சியைக் கொண்டு மட்டும் அவமதிக்கும் எண்ணத்தை ஊகிக்க முடியாது என்பது அதன் முடிவு.

எல்லாருக்கும் உச்ச நீதிமன்றத்தின் கதவு அவ்வளவு நேராகத் திறப்பதில்லை; வழக்கமான வழி, உயர் நீதிமன்றத்தில் முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கோருவதே. அதற்கும் முன்னதாக இப்போது ஒரு படி இருக்கிறது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில், வழக்கைப் பதிவு செய்யும் முன் முகாந்திரம் உண்டா என்று பதினான்கு நாள்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு காவல்துறைக்கு இடமளிக்கிறது. பின்னணியில் கவிதை ஒலிக்கும் காணொளி ஒன்றைப் பகிர்ந்ததற்காக நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத்தில் பதிவான வழக்கை 2025 மார்ச்சில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், பேச்சும் எழுத்தும் சம்பந்தப்பட்ட இத்தகைய குற்றச்சாட்டுகளில் அந்த முதற்கட்ட விசாரணையை நடத்துவதே பொருத்தம் என்றும், சொற்களின் விளைவை உறுதியான உள்ளம் கொண்ட மனிதரின் அளவுகோலால் பார்க்க வேண்டுமேயன்றி எதற்கும் அஞ்சும் உள்ளத்தின் அளவுகோலால் பார்க்கக் கூடாது என்றும் கூறியது. முதற்கட்ட விசாரணைக்கு அழைக்கப்படும் கலைஞர் வழக்கறிஞரோடு சென்று, முன் சொன்ன தேதியிட்ட ஆவணங்களை ஒழுங்காக வைத்தால், நோக்கம் என்ன என்பதை அவரது இன்றைய வார்த்தைகளைவிட அன்றைய தாள்கள் தெளிவாகச் சொல்லும். அதே காரணத்தால்தான், புகார் வந்த இரவில் கோபத்தில் எழுதப்படும் ஒரு வரி ஆபத்தானது: காணொளியில் இல்லாத தீய நோக்கத்தை அந்த வரி பின்னோக்கிச் சென்று காணொளிக்குள் வைத்துவிடும்.

இரண்டாவது நிகழ்வு, எதைச் சுட்டுகிறார் என்ற கேள்விக்கு முற்றிலும் வேறான விடை கொண்டது. அமெரிக்கப் பாடகி சப்ரினா கார்ப்பென்டரின் 'ஃபெதர்' என்ற பாடலின் காணொளி 2023 அக்டோபர் 31 அன்று வெளியானது. அதன் சில காட்சிகள் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள மங்கள வார்த்தை மாதா ஆலயத்தில் படமாக்கப்பட்டவை. குட்டையான கறுப்பு உடையணிந்த பாடகி, வண்ண வண்ணச் சவப்பெட்டிகள் சூழ, பலிபீடத்தின் முன் ஆடுகிறார். புரூக்ளின் மறைமாவட்டத்தின் ஆயர் ராபர்ட் பிரென்னன் கடும் அதிர்ச்சி தெரிவித்தார். அனுமதி அளித்த பங்குத்தந்தையிடமிருந்து நிர்வாகப் பொறுப்புகள் எடுக்கப்பட்டன. அந்த ஆலயத்தில் பரிகாரத் திருப்பலி நிறைவேற்றப்பட்டது.

இங்கே பேசுபவரின் அதிகாரம் எத்தகையது என்பதை முதலில் அறிய வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயர் என்பவர் கருத்துச் சொல்லும் பெரியவர் மட்டும் அல்லர். தம் மறைமாவட்டத்து ஆலயங்கள் எவ்வாறு பயன்படலாம் என்பதை முடிவு செய்யும் சட்டப்படியான அதிகாரி. வழிபாட்டுக்கும் பக்திக்கும் உதவுவன மட்டுமே புனித இடத்தில் அனுமதிக்கப்படும் என்றும், இடத்தின் புனிதத்துக்கு முரணாகாத வேறு பயன்பாடுகளை உரிய அதிகாரி தனித்தனியாக அனுமதிக்கலாம் என்றும் திருச்சபைச் சட்டத்தின் 1210-ஆம் விதி கூறுகிறது. அந்த இடத்துக்குக் கேடான செயல் நடந்து நம்பிக்கையாளர் இடறலுற்றால் பரிகாரச் சடங்கு தேவைப்படலாம் என்பது அடுத்த விதியின் பொருள். ஆகவே பரிகாரத் திருப்பலி என்பது பாடகிக்கு எதிரான போராட்டம் அன்று. அந்த மரபு தன் இடத்தைத் தானே சீர்செய்துகொள்ளும் முறை. இதை அறியாத கலைஞர் அதைத் தாக்குதலாக எண்ணித் தாமும் தாக்கத் தொடங்குவார். அறிந்தவர் அந்தச் செயலைத் தம்மிடம் எதையும் கேட்காத ஒன்றாக விட்டுவிடுவார்.

ஆயரின் புகார் பாடலின் பொருளைவிட இடத்தைப் பற்றியது என்பதும் கவனிக்கத் தக்கது. மறைமாவட்டத்தின் நெறிமுறைப்படி ஆலயத்தில் படம்பிடிக்க வேண்டுமானால் காட்சிகளும் திரைக்கதையும் முன்கூட்டியே பரிசீலிக்கப்பட வேண்டும். பங்கு அதைச் செய்யவில்லை என்று மறைமாவட்டம் தெரிவித்தது. தயாரிப்புக் குழு உள்ளடக்கத்தைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்பது பங்கின் தரப்பு. பாடகியோ, முன்கூட்டியே அனுமதி பெற்றதாகக் கூறியதோடு, இயேசுவும் ஒரு தச்சர்தானே என்று தம் குடும்பப் பெயரை வைத்து ஒரு வேடிக்கையும் சேர்த்தார். அனுமதி பெற்றோம் என்ற முதல் பாதி, புகாரின் மையத்துக்கே பதில் சொல்லும் வலுவான கூற்று. அதற்குப் பின்னால் என்ன தெரிவித்து அந்த அனுமதி பெறப்பட்டது என்ற ஆவணமும் இருந்தால் அத்தோடு விவாதம் முடிந்திருக்கலாம். நகைச்சுவையோ, அனுமதி பற்றிய கேள்வியை நம்பிக்கை பற்றிய சண்டையாக மாற்றியதால், செய்தித் தலைப்புகளில் இரண்டாம் பாதியே நின்றது.

இதிலிருந்து இளம் கலைஞர் எடுத்துக்கொள்ள வேண்டிய வழக்கம் எளியது. வழிபாட்டிடம் எதுவானாலும், அனுமதி கேட்கும் கடிதத்தில் பாடலின் முழு வரிகள், ஆலயத்துக்குள் எடுக்கப்போகும் ஒவ்வொரு காட்சியின் இரண்டு வரி விளக்கம், உடை, பயன்படுத்தும் பொருள்கள், அவ்விடத்துக்கு வெளியே அதே காணொளியில் வரும் மற்ற காட்சிகளின் சுருக்கம் ஆகியவை இருக்க வேண்டும். அனுமதி அளிப்பவர் அதன்கீழ் கையொப்பமிட வேண்டும். ஆலயத்துக்குள் ஆட்சேபத்துக்குரியது எதுவும் நடக்காவிட்டாலும், வெளியே எடுத்த வன்முறைக் காட்சியோடு அது தொகுக்கப்படும்போது பொருள் மாறிவிடும் என்பதால் கடைசிச் சுருக்கம் மிகவும் முக்கியம். யார் கையொப்பமிடுகிறார் என்பதும் அவ்வளவே முக்கியம். தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழுள்ள கோயிலில் நிர்வாகம் செயல் அலுவலரிடம் இருக்கிறது, பூசை முறை பற்றிச் சொல்லும் உரிமையோ குருக்களிடமோ பட்டரிடமோ இருக்கிறது. ஒருவர் வாய்மொழியாகத் தலையசைத்ததை மற்றவரின் சம்மதமாகக் கொள்ள முடியாது. இந்த ஆவணம் கையில் இல்லாத நிலையில் புகார் வந்தால், இடத்தைப் பற்றிய பகுதியில் மட்டும் குறையை நேராக ஏற்று, கலையைப் பற்றிய பகுதியில் தம் நிலையைத் தனியே சொல்வதுதான் நேர்மையான வழி. ஒன்றில் தவறியதற்காக மற்றொன்றையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கேட்கப்படுவது என்ன என்ற மூன்றாவது கேள்வி, பதிலின் அளவைத் தீர்மானிப்பது. 2014-இல் கேட்டி பெரியின் 'டார்க் ஹார்ஸ்' காணொளியில் மின்னலால் பொசுங்கும் ஒருவரின் கழுத்தணியில் அல்லாஹ் என்ற அரபு எழுத்து இருப்பதைச் சுட்டி, அதை எதிர்த்துப் பல்லாயிரம் பேர் கையொப்பமிட்டார்கள். அந்தப் பதக்கம் கதைக்கு எந்த வகையிலும் தேவையானதன்று. கணினித் தொழில்நுட்பத்தால் அது மட்டும் அழிக்கப்பட்டது, காணொளி தொடர்ந்து இருந்தது. கவனக்குறைவாக வந்து சேர்ந்த ஒரு பொருளை நீக்குவது சரணாகதி அன்று. அதே பதக்கம் காட்சியின் கருத்தாகவே இருந்திருந்தால் விடை வேறாக இருந்திருக்கும். நீக்கினால் படைப்பு என்ன இழக்கும் என்று கேட்டு, எதையும் இழக்காது என்ற விடை வந்தால் தயங்காமல் திருத்துவதும், அதன் பொருளையே இழக்கும் என்ற விடை வந்தால் திருத்தாமல் விளக்குவதும் தான் இங்கே அளவுகோல்.

பதிலை எழுதுவது எப்படி என்பதற்குத் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதி நபிகள் நாயகத்தின் இளமைப் பருவத்தைப் பற்றி எடுத்த திரைப்படத்துக்கு ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்ததை எதிர்த்து, மும்பையைச் சேர்ந்த ரஸா அகாதமி என்ற அமைப்பின் வழியாக 2015 செப்டம்பரில் ஒரு ஃபத்வா வெளியாயிற்று. ஃபத்வா என்பது சமயச் சட்டம் பற்றிய கேள்விக்கு முஃப்தி ஒருவர் தரும் கருத்துரை; அது நீதிமன்றத் தீர்ப்புப் போல யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2014 ஜூலையில் விஸ்வ லோசன் மதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருந்தது. எனவே சட்டப்படி இந்த ஃபத்வா செல்லாது என்று ஒரு வரியில் ரஹ்மான் முடித்திருக்கலாம். ஆனால் அந்த வரி, வெளியாரிடம் மட்டுமே எடுபடும்; புகார் வந்தது அவர் தாமே சேர்ந்த சமயத்துக்குள்ளிருந்து என்பதால், அவரை நம்பும் நம்பிக்கையாளர்களுக்கு அது எந்த விடையும் ஆகாது.

அவர் தம் பக்கத்தில் வெளியிட்ட கடிதத்தின் கட்டமைப்பு கூர்ந்து பார்க்கத் தக்கது. தாம் அந்தப் படத்தை இயக்கவோ தயாரிக்கவோ இல்லை, இசை மட்டுமே அமைத்ததாக முதலில் தம் பொறுப்பின் எல்லையை வரைகிறார்; ஆனால் அந்த எல்லையைக் காட்டி இயக்குநர் மீது பழியைத் தள்ளிவிடவில்லை. அடுத்து, நல்ல நோக்கத்தோடு எடுத்த முடிவு அது என்றும், யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை என்றும் சொல்கிறார். சட்டத்தின் பார்வையிலும் மனிதரின் பார்வையிலும் மையமான கேள்வி அதுவே. பின்னர், தாம் இஸ்லாமிய அறிஞர் அல்லர் என்று கூறி, மார்க்க அறிஞரோடு மார்க்க நுணுக்கத்தில் வாதிடும் களத்துக்குள் இறங்காமல் விலகிக்கொள்கிறார். அதற்குப் பிறகே தம் தரப்பின் ஆழமான காரணத்தை வைக்கிறார்: திறமையும் புகழும் தந்த இறைவன், தன் தூதரைப் பற்றிய படத்துக்கு ஏன் இசையமைக்கவில்லை என்று இறுதி நாளில் கேட்டால் என்ன சொல்வது என்ற கேள்வி அது. எதிர்த்தவர்கள் எந்த நம்பிக்கையின் பெயரால் பேசினார்களோ அதே நம்பிக்கைக்குள்ளிருந்து எடுத்த காரணம் என்பதால், அதை நம்பிக்கையற்ற ஒருவரின் பதில் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. வன்முறையைத் தவிர்த்துக் கண்ணியத்தோடு நடந்துகொள்ளும் வேண்டுகோளோடு கடிதம் முடிகிறது. இசையைத் திரும்பப் பெறுவதாகவோ வருந்துவதாகவோ அதில் எங்கும் இல்லை. ஃபத்வா வழங்கியவரைப் பற்றி இழிவான சொல்லும் இல்லை.

இந்தக் கடிதத்தின் வரிசை, அதாவது பொறுப்பின் எல்லை, நோக்கம், வாதிடாத களம், தம் காரணம், வேண்டுகோள் என்பது, எந்தச் சமயத்திலிருந்து எழும் புகாருக்கும் பயன்படும். எனினும் ரஹ்மானுக்குக் கிடைத்த ஒரு வசதி எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது. அவர் அந்தச் சமயத்துக்குள்ளே நின்று பேசினார். வேறு சமயத்தைச் சேர்ந்த கலைஞரோ, எந்த நம்பிக்கையும் இல்லாத கலைஞரோ அவரைப் போல உள்ளிருந்து பேச முயன்றால் அது வேடமாகத் தெரியும். அவர்கள் நான்காவது இடத்தில் வைக்க வேண்டியது, அந்த மரபை எவ்வளவு படித்து, யாரிடம் கேட்டு, எதற்காக அந்தக் காட்சியை எடுத்தார்கள் என்ற வேலையின் கணக்கையே. மாப்பிளப் பாட்டின் நாற்பதாண்டு வரலாறு போன்ற ஒன்று அந்த இடத்தில் நம்பிக்கையை விடப் பலமாகப் பேசும்.

வருத்தம் தெரிவிப்பதைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். யாரேனும் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம் என்று பொதுவாக எழுதப்படும் வரி, புண்பட்டவருக்கு ஏமாற்றமாகவும் ஆதரவாளருக்குக் கோழைத்தனமாகவும் தெரிவதால் இருபுறமும் பயனற்றது. செய்த செயல் தவறு என்று கலைஞரே முடிவு செய்திருந்தால், எந்தச் செயல், ஏன் தவறு, என்ன மாற்றப்பட்டது என்று மூன்றையும் குறிப்பிட்டு வருந்த வேண்டும். தவறு என்று முடிவு செய்யவில்லையானால், வருத்தம் என்ற சொல்லைப் பயன்படுத்தாமல், மற்றவரின் வேதனையைக் கேட்டறிந்ததாகவும் காட்சியின் பொருள் இன்னது என்றும் எழுதுவது போதும். எவ்வகையாயினும் வெளியிடும் முன் வழக்கறிஞர் ஒருவரும், இயலுமானால் புகார் எழுந்த சமூகத்தைச் சேர்ந்த நம்பகமான ஒருவரும் அதைப் படிக்க வேண்டும். முன்னவர் சட்டத்தில் சிக்கவைக்கும் சொல்லையும், பின்னவர் தெரியாமல் விழுந்த இழிசொல்லையும் கண்டுபிடிப்பார்கள்.

நிதானத்துக்கு எல்லையும் உண்டு. எழுத்து வடிவில் வரும் புகார், கடிதம், ஃபத்வா, ஆயரின் அறிக்கை ஆகியவை பதிலுக்குரியவை. வீட்டு முகவரியைப் பரப்புவதும், உயிருக்கு மிரட்டல் விடுப்பதும், குடும்பத்தாரைத் தொலைபேசியில் அழைத்து அச்சுறுத்துவதும் பதிலுக்குரியவை அல்ல, காவல் நிலையத்துக்குரியவை. அவற்றைப் பதிவு செய்து புகார் கொடுப்பதைப் பெருந்தன்மையின் பெயரால் தள்ளிப்போடக் கூடாது. அதே வேளையில், மிரட்டியவர்களையும் முறையாகப் புகார் செய்த சமயத் தலைவரையும் ஒரே அறிக்கையில் சேர்த்துச் சாடுவதும் தவறு. மிரட்டலோடு தொடர்பில்லாத அந்தத் தலைவர் அதன்பின் பேச்சு வார்த்தைக்கு வரமாட்டார், அவர் விலகினால் மிரட்டுபவர்களைக் கட்டுப்படுத்தும் குரலும் போய்விடும்.

கடைசியில் எடுக்கப்படும் முடிவு, அப்படியே வைத்திருத்தல், திருத்துதல், திரும்பப் பெறுதல் என்னும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். மூன்றுமே சூழலுக்கேற்ப மதிப்புக்குரிய முடிவுகள். எது சரி என்று சோதிக்க ஒரு வழி உண்டு. எடுத்த முடிவின் காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதி, அதே வாக்கியத்தைச் சொல் மாற்றாமல் புகார் செய்த சமயத் தலைவரிடமும் தம் ரசிகர்களிடமும் தம் குழுவினரிடமும் சொல்ல முடிகிறதா என்று கலைஞர் பார்க்க வேண்டும். ஒருவருக்கு ஒரு வாக்கியமும் மற்றவருக்கு வேறொரு வாக்கியமும் தேவைப்படுமானால் புகார் இன்னும் முழுதாகப் பிரித்துப் படிக்கப்படவில்லை. அறிவித்த நாள் வரையில் காலம் இருக்கிறது, காணொளி மூடியே இருக்கலாம், மூன்று கேள்விகளிலிருந்து மறுபடியும் தொடங்கலாம்.